நூற்று நாற்பத்தொன்பதாவது தவணை

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் ஐந்தாறு வருஷம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கட்டுறது எல்லாம் வட்டிக்கே போகுது." வங்கி ஏதோ சூழ்ச்சி செய்கிறது என்ற சந்தேகமும் அந்தக் குரலில் கலந்திருக்கும். சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் நடப்பது என்ன என்று கண்ணால் பார்த்தால்தான் மனம் ஒப்புக்கொள்ளும். அதற்குக் கணினியில் ஒரு விரிதாள் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் கால்க், எதுவானாலும் சரி. மூன்றிலும் ஃபார்முலாக்கள் ஒன்றே.

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். 20 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷம். 9 சதவீதத்தை வேண்டுமென்றேதான் எடுத்தேன். மாதத்துக்கு முக்கால் சதவீதம் என்று வாய்க்கணக்காகவே வந்துவிடும், ஆகவே கணினி சொல்வதை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

புதிய தாளைத் திறந்து, முதல் பத்தியில் கடன், வட்டி, ஆண்டுகள், தவணை என்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எதிரே, B பத்தியில், எண்களைப் போடுங்கள். கடன் தொகையை வெறும் எண்ணாக அடிக்க வேண்டும். முன்னால் "ரூ." என்று சேர்த்தால் அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும், பிறகு எந்தக் கணக்கும் வராது.

```
B1: 2000000
B2: 9%
B3: 20
B4: =-PMT(B2/12,B3*12,B1)
```

நான்காவது கட்டத்தில் 17,994.52 என்று வரும். அதுதான் மாதத் தவணை, நாம் இ.எம்.ஐ. என்று சொல்வது.

PMT மூன்று விஷயங்களைக் கேட்கிறது: ஒரு தவணைக் காலத்துக்கான வட்டி, மொத்தத் தவணைகள், கடன் தொகை. தவணை மாதாமாதம் என்பதால் ஆண்டு வட்டியைப் 12-ஆல் வகுக்கிறோம், ஆண்டுகளைப் 12-ஆல் பெருக்குகிறோம். முன்னால் இருக்கும் கழித்தல் குறி சிலருக்குக் குழப்பமாக இருக்கும். விரிதாளின் பார்வையில் கையில் வரும் பணம் கூட்டல், கையைவிட்டுப் போகும் பணம் கழித்தல். கடன் கைக்கு வந்தது, தவணை கையைவிட்டுப் போகிறது, அதனால் PMT தானாகவே கழித்தல் எண்ணைத்தான் தரும். அட்டவணை முழுக்கச் சிவப்பு எண்களாக இருக்க வேண்டாமே என்றுதான் நாம் முன்னால் இன்னொரு கழித்தல் குறி போட்டுத் திருப்பிக்கொள்கிறோம்.

தப்பு நடந்தால் இங்கேயே தெரிந்துவிடும். தவணை 1,80,000 ரூபாய்க்கு அருகில் வந்தால் வட்டியைப் 12-ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 15 லட்சம் என்று வந்தால் 9% என்பதற்குப் பதிலாக வெறும் 9 என்று அடித்திருக்கிறீர்கள். கணினி அதை 900 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது.

17,994.52 என்ற எண் எங்கிருந்து வருகிறது? முதல் மாதம் 20 லட்சத்துக்கு முக்கால் சதவீத வட்டி 15,000 ரூபாய். மாதம் 15,000 மட்டும் கட்டினால் வட்டி தீரும், கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்கலாம். 17,000 கட்டினால் குறையும், ஆனால் 20 வருஷம் முடியும்போது சுமார் 6 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய் பாக்கி நிற்கும். மாதம் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசம் கடைசியில் அவ்வளவாகப் பெருகிவிடுகிறது. 240-ஆவது தவணையோடு பாக்கி சரியாகப் பூஜ்ஜியம் ஆகும்படி ஒரே ஒரு தொகைதான் இருக்கும். PMT கண்டுபிடித்துத் தருவது அதைத்தான்.

இனி அட்டவணை. ஆறாவது வரிசையில் தலைப்புகள்: தவணை எண், தொடக்க நிலுவை, தவணை, வட்டி, அசல், இறுதி நிலுவை. ஏழாவது வரிசையில் முதல் மாதம்.

```
A7: 1
B7: =$B$1
C7: =$B$4
D7: =-IPMT($B$2/12,A7,$B$3*12,$B$1)
E7: =-PPMT($B$2/12,A7,$B$3*12,$B$1)
F7: =B7-E7
```

IPMT என்பது அந்தத் தவணையில் வட்டிக்குப் போகும் பங்கு. PPMT என்பது அசலுக்குப் போகும் பங்கு. இரண்டுக்கும் PMT கேட்ட மூன்றோடு கூடுதலாக ஒன்று தெரிய வேண்டும்: எத்தனையாவது தவணை என்பது. அதனால்தான் நடுவில் A7 வருகிறது.

எட்டாவது வரிசையில் இரண்டு கட்டங்கள் மட்டும் மாறும்.

```
A8: =A7+1
B8: =F7
```

மற்ற நான்கையும் மேல் வரிசையிலிருந்து அப்படியே கீழே இழுத்துவிடுங்கள். பிறகு எட்டாவது வரிசை முழுவதையும் பிடித்து 246-ஆவது வரிசை வரை இழுத்தால் 240 மாதங்களும் விரிந்துவிடும். அந்த டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது B2 என்பது B3 ஆகி, வட்டி இருந்த இடத்தில் கணினி ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மாதமே தலைசுற்றும் எண்கள் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது முதல் இரண்டு மாதங்களை நிதானமாகப் பாருங்கள். முதல் மாதம் வட்டி 15,000, அசல் 2,994.52. கட்டிய பணத்தில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விட்டது. இரண்டாவது மாதம் வட்டி 14,977.54, அசல் 3,016.98. வட்டி 22.46 ரூபாய் குறைந்திருக்கிறது, அதே 22.46 ரூபாய் அசலில் கூடியிருக்கிறது. முதல் மாதம் கடன் 2,994.52 ரூபாய் குறைந்ததல்லவா? அந்தத் தொகைக்கு இனி வட்டி இல்லை. அதற்கான முக்கால் சதவீதம் 22.46. தவணை மாறாததால் அந்தச் சில்லறை அசல் பக்கம் நகர்ந்தது. மூன்றாவது மாதம் அசல் 3,039.61. இப்படி ஒவ்வொரு மாதமும் அசல் பங்கு முந்தைய மாதத்தைவிட முக்கால் சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. கடைசி மாதத்தில் நிலைமை தலைகீழ்: அசல் 17,860.56, வட்டி 133.95.

வங்கி முதலில் வட்டியைப் பிடித்துக்கொண்டு அசலைப் பின்னால் தள்ளுகிறது என்று பேசுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு மாதமும் பாக்கி எவ்வளவோ அதற்கு மட்டும்தான் வட்டி. தொடக்கத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது. D பத்தியின் எந்த எண்ணையும் அதே வரிசையின் B பத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கால் சதவீதத்துக்கு மேல் ஒரு பைசா இருக்காது.

ஆனாலும் அட்டவணையைக் கீழே உருட்டும்போது நெஞ்சு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். ஐந்து வருஷத்தில் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்தது சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம் மட்டும். அசல் பங்கு வட்டியை முதன்முதலாகத் தாண்டுவது 149-ஆவது தவணையில்: அசல் 9,048.89, வட்டி 8,945.63. பன்னிரண்டு வருஷம் முடிந்து ஐந்தாவது மாதம். பாக்கி பாதியாகி 10 லட்சத்துக்குக் கீழே இறங்குவது அதையும் தாண்டி 168-ஆவது மாதத்தில், சரியாகப் பதினாலு வருஷம் கட்டிய பிறகு. இருபது வருஷத்தில் மொத்தம் கட்டுவது 43,18,685 ரூபாய். அதில் வட்டி 23,18,685.

அட்டவணை சரியா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். 246-ஆவது வரிசையின் இறுதி நிலுவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சில சமயம் `1.2E-08` போன்ற ஏதோ ஒன்று தெரியும். அது பைசாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாதிரி, கணினியின் தசமக் கணக்கில் உதிரும் துகள். பயப்பட வேண்டாம். E பத்தியின் கூட்டுத்தொகை 20 லட்சமாக இருக்க வேண்டும். எந்த வரிசையிலும் வட்டியும் அசலும் சேர்ந்தால் தவணை வர வேண்டும்.

வங்கி 17,994 ரூபாய் 52 பைசா என்று வாங்காது. 17,995 என்று முழு ரூபாயாக்கிவிடும். மாதத்துக்கு 48 பைசா கூடுதல். அதுவும் கடனைக் குறைப்பதால் இருபது வருஷத்தில் 321 ரூபாயாகி, கடைசித் தவணை சுமார் 17,674 ஆகக் குறையும். கடைசித் தவணை மட்டும் வேறு தொகையாக இருப்பதைப் பார்த்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

வருமான வரிக்காகக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்த அட்டவணை இன்னொரு வேலையும் செய்யும். பழைய வரி முறையில் இருப்பவர்கள், தாங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். உங்கள் கடன் அப்படித் தொடங்கியிருக்காது. முதல் தவணை அக்டோபரில் என்றால் அந்த நிதியாண்டில் ஆறு தவணைகள்தான். அடுத்த நிதியாண்டு என்பது 7 முதல் 18 வரையான தவணைகள்.

```
=-CUMIPMT(B2/12,B3*12,B1,7,18,0)
```

விடை 1,76,763 ரூபாய் வரும். கடைசியில் இருக்கும் 0, தவணை மாதக் கடைசியில் கட்டப்படுகிறது என்பதைச் சொல்வது. அதை விட்டால் எக்செல் கோபித்துக்கொள்ளும். D பத்தியில் அந்தப் பன்னிரண்டு கட்டங்களைக் கூட்டினாலும் இதே தொகைதான்.

இதுவரை எல்லாம் சுகம். இணையத்தில் கிடைக்கும் பல அட்டவணை மாதிரிகளும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. சிக்கல் இனிமேல்தான்.

முதல் வருஷக் கடைசியில் ஊரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வருகிறது, அதைக் கடனில் கட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12-ஆவது மாதத்தின் பாக்கி 19,62,546. அதில் ஒரு லட்சத்தைக் கழித்து F பத்தியில் கையால் 18,62,546 என்று எழுதுகிறீர்கள். இப்போது 13-ஆவது மாத வட்டியைப் பாருங்கள். தொடக்க நிலுவை குறைந்திருக்கும், வட்டியோ 14,719.09 என்று பழைய எண்ணாகவே இருக்கும். குறைந்த பாக்கிக்கு முக்கால் சதவீதம் 13,969.09தானே வர வேண்டும்? 750 ரூபாய் இடிக்கிறது.

காரணம் எளிது. IPMT உங்கள் நிலுவைப் பத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் நாள் எழுதிய கடன், வட்டி, காலம் ஆகிய மூன்றையும் வைத்து, எல்லாம் சொன்னபடியே நடந்திருந்தால் 13-ஆவது மாத வட்டி எவ்வளவு என்று கணக்கிடுகிறது. PPMT-யும் அப்படியே. இந்த ஃபங்ஷன்கள் தருவது கடன், ஜாதகத்தில் எழுதியபடி எப்படி நடக்க வேண்டும் என்பதை. நடந்த கடன் வேறு. அதில் இடையில் பணம் கட்டுவோம், வட்டி விகிதம் மாறும். ஆகவே இரண்டாவது தாள் ஒன்று தேவை.

முதல் தாளை நகலெடுத்துக்கொண்டு, வலப்பக்கம் இரண்டு பத்திகள் சேர்க்கவும்: G-இல் வட்டி விகிதம், H-இல் கூடுதலாகக் கட்டிய தொகை. பிறகு ஏழாவது வரிசையை இப்படி மாற்றவும்.

```
C7: =MIN($B$4,B7+D7)
D7: =B7*G7/12
E7: =C7-D7
F7: =B7-E7-H7
G7: =$B$2
```

G8-இல் `=G7` என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் கீழே இழுக்கவும். இங்கே IPMT, PPMT இரண்டுமே இல்லை. வட்டி, அந்த மாத நிலுவையிலிருந்து நேராகப் பிறக்கிறது; தவணையில் வட்டி போக மிச்சம் அசல். ஒன்றையும் மாற்றாதவரை இரண்டு தாள்களும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். அப்படிப் போனால் இரண்டாவது தாளைச் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். MIN எதற்கு என்றால், கடைசியில் பாக்கி தவணையைவிடக் குறைவாக இருக்கும்போது பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க.

இப்போது H18-இல், அதாவது 12-ஆவது மாதத்துக்கு எதிரே, 100000 என்று எழுதுங்கள். அட்டவணை சட்டென்று சுருங்கும். 240-ஆவது தவணைக்குப் பதில் 213-ஆவது தவணையில் கடன் முடிந்துவிடும், அந்தக் கடைசித் தவணையும் பாதிக்கும் குறைவு. ஒரு லட்சம் கட்டியதால் மிச்சமாகும் வட்டி 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு, தவணைத் தொகை பழையபடியே இருந்து காலம் குறைந்தால்தான். பணத்தைக் கட்டும்போது தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. தவணையைக் குறைத்தால் மாதாமாதம் கை கொஞ்சம் இளகும், ஆனால் இத்தனை வட்டி மிச்சமாகாது.

அடுத்தது வட்டி விகிதம். 2019 அக்டோபர் 1-லிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. அந்தப் பத்து மாதங்களில் கடன்காரர்கள் பலருக்குத் தவணை மாறவே இல்லை. அது நல்ல செய்தி மாதிரி தெரிந்தது. உள்ளே நடந்தது என்ன என்று நம் அட்டவணையில் பார்ப்போம்.

H18-இல் போட்ட ஒரு லட்சத்தை அழித்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து வட்டி 9-லிருந்து 10 சதவீதம் ஆகிறது. 25-ஆவது மாதம் இருப்பது 31-ஆவது வரிசையில், எனவே G31-இல் 10% என்று எழுதினால் கீழே எல்லா வரிசைகளும் மாறிக்கொள்ளும். ஒரே ஒரு சதவீதம்தான். 246-ஆவது வரிசைக்குப் போய்ப் பாருங்கள். கடன் முடிந்திருக்க வேண்டிய அந்த மாதத்தில் 7 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும்.

இன்னும் எத்தனை மாதம் என்று NPER சொல்லும். 24-ஆவது மாத நிலுவை F30-இல் இருக்கிறது.

```
=NPER(10%/12,-B4,F30)
```

தவணைக்கு முன்னால் கழித்தல் குறி அவசியம். பணம் போவதும் வருவதும் எதிரெதிர்க் குறியில் இருந்தால்தான் இந்த ஃபங்ஷன் கணக்குப் போடும். விடை 265.85. மீதி இருந்தது 216 மாதம், இப்போது 266. தவணை மாறவில்லை, ஆனால் கடன் நான்கு வருஷமும் இரண்டு மாதமும் நீண்டுவிட்டது. 50 வயதில் முடிய வேண்டியது 54 தாண்டிப் போகிறது. கடன் வாங்கியவர் ஓய்வுபெறும் தேதியை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

காலத்தை நீட்டாமல் 216 மாதத்திலேயே முடிக்க வேண்டுமென்றால் தவணை எவ்வளவு ஆகும்? மறுபடியும் PMT-யிடம்தான் போக வேண்டும், இந்தமுறை பழைய கடனோடு அல்ல, இன்றைய பாக்கியோடும் இன்றைய வட்டியோடும்.

```
=-PMT(10%/12,216,F30)
```

19,212.78. மாதம் 1,218 ரூபாய் கூடுதல். 216 மாதத்துக்கு மொத்தம் சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம். காலத்தை நீட்டினால் கூடுதலாகக் கட்டும் ஐம்பது தவணைகள் சுமார் 9 லட்சம். இரண்டுக்கும் இடையே ஆறு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். மாதம் ஆயிரத்து இருநூறு புரட்ட முடியாத குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்குக் கால நீட்டிப்பு வேண்டியதுதான். புரட்ட முடிந்தும் செய்தி தெரியாமல் இருந்தவர்கள்தான் நஷ்டப்பட்டவர்கள்.

வட்டி இன்னும் ஏறினால் NPER வேறொரு விடை சொல்லும். 10%-க்குப் பதில் 11.25% என்று போட்டுப் பாருங்கள். எண் எதுவும் வராது, `#NUM!` என்று வரும். ஃபார்முலா தப்பு என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். 24-ஆவது மாதப் பாக்கிக்கு அந்த விகிதத்தில் ஒரு மாத வட்டி 18,014.79. தவணையோ 17,994.52. வட்டியே தவணையைத் தாண்டிவிட்டது. கட்டக் கட்டக் கடன் ஏறும், என்றைக்கும் முடியாது. அதனால்தான் மாதங்களின் எண்ணிக்கை என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அட்டவணையில் E பத்தி கழித்தல் எண்களாக மாறியிருப்பதையும் பார்க்கலாம்.

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-இல் வெளியிட்ட சுற்றறிக்கை இந்த நிலையைத்தான் கருதியது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். கால நீட்டிப்பால் கடன் ஏறும் நிலை வரக்கூடாது. பகுதியாகவோ முழுவதுமாகவோ முன்கூட்டிக் கட்டும் வாய்ப்பும் இருக்க வேண்டும். அதோடு, காலாண்டுக்கு ஒருமுறை தரும் அறிக்கையில் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மிச்சத் தவணைகள் எத்தனை, ஆண்டு வட்டி விகிதம் எல்லாம் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மிச்சத் தவணைகளின் எண்ணிக்கையை. தவணைத் தொகை மாறாமலிருந்து இந்த எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால், மேலே சொன்ன ஐம்பது மாதக் கதை உங்களுக்கும் நடந்திருக்கிறது.

அறிக்கையை இரண்டாவது தாளோடு ஒப்பிடும்போது மாத வட்டி ரூபாய்க்கு ரூபாய் பொருந்தாது. பல வங்கிகள் வட்டியை அன்றாட நிலுவையில் கணக்கிட்டு மாதக் கடைசியில் பற்று வைக்கின்றன. 20 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 31 நாள் வட்டி 15,287.67, 28 நாள் பிப்ரவரியில் 13,808.22. நம் தாள் எல்லா மாதத்தையும் ஒரே நீளமாக எண்ணி 15,000 என்கிறது. ஆகவே சில மாதம் வங்கிக் கணக்கு சில நூறு கூடவும், பிப்ரவரியில் ஆயிரத்துக்கு மேல் குறையவும் செய்வது இயல்பு. வருஷக் கூட்டுத்தொகையை எடுத்தால் இரண்டும் நெருங்கிவிடும். நாள் கணக்கே வேண்டும் என்பவர்கள் I பத்தியில் அந்த மாத நாட்களை எழுதி, வட்டியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

```
D7: =B7*G7*I7/365
```

வீடு கட்டி முடியும் முன் கட்டம் கட்டமாகப் பணம் வாங்கியவர்கள், முழுத் தவணை தொடங்கும் மாதத்தைத்தான் முதல் வரிசையாக வைக்க வேண்டும். அதற்கு முன் கட்டிய வட்டி இந்த அட்டவணையில் சேராது.

வித்தியாசம் எல்லா மாதமும் ஒரே பக்கமாக, வங்கி சொல்வதே அதிகம் என்று நின்றால் அது நாள் கணக்கால் வந்ததல்ல. அப்போது இரண்டு தேதிகளைத் தேட வேண்டும்: வட்டி விகிதம் எந்த நாளிலிருந்து மாறியது, நீங்கள் கூடுதலாகக் கட்டிய பணம் எந்த நாளில் அசலில் வரவானது. கட்டிய நாளுக்கும் வரவு வைத்த நாளுக்கும் இடையே சில வாரங்கள் இடைவெளி இருந்தால் ஒரு லட்சத்துக்கு மாதம் 750 ரூபாய் என்ற கணக்கில் வட்டி ஓடியிருக்கும். வரிசை எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தாளை அச்செடுத்து இணைத்து, வங்கிக் கிளைக்கு எழுதிக் கேட்கலாம். "எல்லாம் வட்டிக்கே போகுது" என்று சொன்னால் கிடைக்காத பதில் அதற்குக் கிடைக்கும்.